ஸ்லைடு காட்டியாயிற்று, இப்போது எழுத்தில் கேட்கிறார்கள்

வாசகர் கேள்வி

வணக்கம் ஐயா. பினாங்கு, பிறையில் நானும் அண்ணனும் ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். தொழிற்சாலைகளில் கம்ப்ரஸர் காற்று கசியும் இடங்களைக் கண்டுபிடித்து அடைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. போன வாரம் பாயான் லெப்பாஸில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாகத் தொழிற்சாலையில் 18 ஸ்லைடு காட்டினேன். பராமரிப்பு மேலாளருக்குப் பிடித்துவிட்டது. "எழுத்தில் ஒரு புரொபோசல் கொடுங்கள், நிதிப் பிரிவுக்கும் கோலாலம்பூர் தலைமையகத்துக்கும் அனுப்பணும்" என்றார். ஸ்லைடில் இருந்த புள்ளிகளை வரிசையாக வேர்டில் ஒட்டி, வாக்கியமாக்கினேன். 9 பக்கம் வந்தது. அண்ணன் படித்துவிட்டு "எல்லாம் இருக்கு, ஆனா ஒன்னும் மனசுல நிக்கல" என்கிறார். ஏற்கெனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இலவசமாகச் சோதித்துப் பார்த்தோம். உற்பத்தி இல்லாதபோதும் கம்ப்ரஸர் 2 நிமிடம் லோடில், அதாவது காற்றை அழுத்தியபடியும், 6 நிமிடம் லோடு இல்லாமல், அதாவது காற்றை அழுத்தாமல் வெறுமனே சுற்றியபடியும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் விலை 14,000 ரிங்கிட். "30% மின்சாரம் மிச்சம்" என்று ஸ்லைடில் போட்டதை உத்தரவாதமாகவே எழுதலாமா? பிறகு சிக்கல் வருமா? விலையை எங்கே போடுவது?

பிறை வாசகி

ஆலோசகர் பதில்

வணக்கம் சகோதரி. நீங்கள் இணைத்திருந்த ஸ்லைடுகளையும் 9 பக்க வரைவையும் முழுக்கப் படித்தேன். உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான ஆதாரம் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனைதான். அது ஸ்லைடிலும் இல்லை, வரைவிலும் இல்லை. கூட்டத்தில் நீங்கள் அதை வாயால் சொல்லியிருப்பீர்கள், மேலாளர் நம்பியிருப்பார். ஆனால் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் கோலாலம்பூரில் இருக்கிறார். அவர் அந்த அறையில் இல்லை, நீங்கள் சொன்னதைக் கேட்கவும் இல்லை.

உங்கள் அண்ணன் சொன்னது சரி. ஸ்லைடில் இருப்பது தலைப்புகள் மட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்று ஏன் வருகிறது என்பதை அன்று உங்கள் பேச்சு சொல்லியது. புள்ளிகளை மட்டும் எடுத்து வாக்கியமாக்கினால் அந்தப் பேச்சு வெளியே நின்றுவிடும். உங்கள் வரைவில் பத்திக்குப் பத்தி "மேலும்", "அதுமட்டுமின்றி", "கூடுதலாக" என்று வருவதைப் பாருங்கள். இவை பட்டியலை நீட்டும் சொற்கள். "அதனால்", "ஆனால்", "அப்படியென்றால்" என்பவை 9 பக்கத்தில் எனக்குத் தென்படவே இல்லை. ஒரு வரைவில் வாதம் இருக்கிறதா, பட்டியல்தான் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

இந்த வரைவைத் திருத்த வேண்டாம், ஒதுக்கி வையுங்கள். அண்ணனை எதிரே உட்காரவைத்து, அன்று பேசியது போலவே ஸ்லைடு ஸ்லைடாகப் பேசுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். புரொபோசலை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், இருந்தாலும் இந்தப் பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். தாய்மொழியில் பேசும்போது காரணங்கள் தாமாக வந்துவிடும். அப்புறம் மேலாளர் அன்று கேட்ட கேள்விகளை நினைவுபடுத்தி எழுதுங்கள். "மெஷினை நிறுத்தணுமா?", "அடைச்ச இடம் மறுபடி கசிந்தா?", "மிச்சம் ஆனதை எப்படி நிரூபிப்பீங்க?" போன்றவை நிச்சயம் வந்திருக்கும். அந்தக் கேள்விகளுக்கு ஸ்லைடில் பதில் இருக்காது. புரொபோசலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் நிதிப் பிரிவும் அதையேதான் கேட்கும், நீங்கள் பதில் சொல்ல அங்கே இருக்க மாட்டீர்கள்.

இப்போது ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஏழாவது ஸ்லைடு: "கசிவு = பண இழப்பு! 20–30% காற்று வீண். 24 மணி நேரமும் இழப்பு. கண்ணுக்குத் தெரியாத செலவு." வரைவில் இதை இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "காற்றுக் கசிவு என்பது பெரும் பண இழப்பாகும். மேலும் 20 முதல் 30 விழுக்காடு காற்று வீணாகிறது. அதுமட்டுமின்றி இந்த இழப்பு 24 மணி நேரமும் நடைபெறுகிறது." இலக்கணம் சரிதான். ஆனால் இது எந்தத் தொழிற்சாலையைப் பற்றியது? படிக்கும் நிதி அதிகாரி, "இது ஊரில் உள்ள எல்லாருக்கும் அனுப்புகிற விளம்பரம்" என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் 20–30 விழுக்காடு கசியும் என்பது துறையில் பரவலாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் அது இவர்கள் ஆலையின் அளவு இல்லை. உங்களிடம் இவர்கள் ஆலையின் அளவே இருக்கிறது. அதை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"உற்பத்தி எதுவும் நடக்காத ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் 75 கிலோவாட் கம்ப்ரஸரைக் கவனித்தோம். எந்த இயந்திரமும் காற்றை எடுக்காத அந்த நேரத்திலும் அது 2 நிமிடம் லோடில் ஓடியது, பிறகு 6 நிமிடம் லோடு இல்லாமல் ஓடியது, மறுபடியும் லோடுக்குப் போனது. பயன்படுத்த யாரும் இல்லாததால், அந்த 2 நிமிடத்தில் அழுத்திய காற்று முழுவதும் 8 நிமிடச் சுற்றுக்குள் குழாய்களிலும் இணைப்புகளிலும் கசிந்து போயிருக்கிறது. அதாவது கம்ப்ரஸரின் திறனில் கால் பங்கு, 25 விழுக்காடு, கசிவுக்கே போகிறது. நன்கு பராமரிக்கப்படும் ஆலைகளில் இது 10 விழுக்காட்டுக்குள் இருக்கும்."

இதில் பெரிய சொல் ஒன்றும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. பார்த்தது, அதன் பொருள், அதிலிருந்து வரும் அளவு, ஒப்பிட ஓர் அளவு என்று நான்கும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. நடுவில் ஒரு வாக்கியத்தை உருவினால் அடுத்தது நிற்காது. உங்கள் வரைவில் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. வித்தியாசம் அங்கேதான். சோதித்த தேதியையும் எத்தனை சுற்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரே சுற்றுதான் பார்த்திருந்தால், அனுப்புவதற்கு முன் இன்னொரு ஞாயிறு போய் நாலைந்து சுற்றின் சராசரியை எடுங்கள்.

அந்த 30 விழுக்காடு

இங்கே உங்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. "30% மின்சாரம் மிச்சம்" என்பதை எழுத்தில் போடாதீர்கள். உத்தரவாதமாக மட்டுமில்லை, மதிப்பீடாகவும் வேண்டாம்.

முதல் காரணம், எதில் 30 விழுக்காடு என்று அந்த வரி சொல்லவில்லை. கூட்டத்தில் நீங்கள் கம்ப்ரஸரைக் கையால் காட்டியபடி சொல்லியிருப்பீர்கள். தாளில் படிக்கிறவர் தொழிற்சாலையின் முழு மின்கட்டணத்திலும் 30 விழுக்காடு குறையும் என்றே எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, கம்ப்ரஸருக்கு மட்டும் என்று வைத்தாலும் கணக்கு அங்கே போய்ச் சேரவில்லை. கசிவை 25லிருந்து 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று வைப்போம். லோடில் ஓடும் நேரம் அந்த 15 விழுக்காடு குறையும். ஆனால் குறைந்த நேரத்தில் கம்ப்ரஸர் நின்றுவிடுவதில்லை, லோடு இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போதும் மின்சாரம் இழுக்கும். லோடில் 75 கிலோவாட், லோடு இல்லாமல் 25 என்று கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்த எண்ணைப் போடுங்கள். வித்தியாசம் 50 கிலோவாட், அதில் 15 விழுக்காடு என்றால் சராசரியாக 7.5 கிலோவாட் மிச்சம். வாரத்துக்கு 6 நாள் இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 56,000 யூனிட். உற்பத்தி நேரத்தில் கம்ப்ரஸர் 80 விழுக்காடு லோடில் ஓடுவதாக வைத்தால், அது எடுக்கும் மொத்த மின்சாரத்தில் இது 11 அல்லது 12 விழுக்காடுதான். இந்த 80ஐ ஊகிக்க வேண்டாம். பெரும்பாலான கம்ப்ரஸர்களின் கட்டுப்பாட்டுப் பலகையில் மொத்தம் ஓடிய மணியும் லோடில் ஓடிய மணியும் தனித்தனியாக இருக்கும், படித்துக்கொள்ளலாம். வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை கம்ப்ரஸர் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு வேறு மாதிரி போட வேண்டும்.

11 விழுக்காடு என்று கேட்டதும் மனம் சோர்ந்துவிட வேண்டாம். யூனிட் 40 சென் என்று வைத்தால் ஆண்டுக்கு 22,000 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. உங்கள் 14,000 ரிங்கிட் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். 40 சென் என்பது கணக்குக்கு நான் வைத்தது, அவர்களுடைய தெனாகா பில்லைக் கேட்டு வாங்கி உண்மையான விலையைப் போடுங்கள். எந்த நிதி அதிகாரியும் எட்டு மாதத்தைக் குறைவாக நினைக்க மாட்டார். தன் பில்லிலிருந்தே கணக்கு போட்டிருப்பதைப் பார்த்தால் உங்களை நம்பவும் செய்வார்.

மூன்றாவது காரணம் சட்டம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, உண்மை இல்லாத ஒன்றை, கையில் போதிய ஆதாரம் இல்லாமல், உறுதியாகச் சொல்வதையும் தவறான எடுத்துரைப்பாகவே கணக்கிடுகிறது. சொன்னவர் அதை உண்மை என்று நம்பியிருந்தாலும் அப்படித்தான். அதை நம்பி எதிர்த் தரப்பு ஒப்புக்கொண்டிருந்தால், 19ஆவது பிரிவின்படி அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. "நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது. "30% உத்தரவாதம்" என்று எழுதி, பில் 3 விழுக்காடு குறைந்தால் உங்கள் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக வரிக்கு வரி "தோராயமாக", "வாய்ப்புள்ளது" என்று போட்டு நீர்த்துப்போகச் செய்யவும் வேண்டாம். எதை உறுதியாகச் சொல்ல முடியுமோ அதை உறுதியாகச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இதே ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை மறுபடி செய்வோம், கசிவு 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கூடுதல் கூலியின்றி வந்து மறுபடி தேடி அடைப்போம் என்று எழுதலாம். அது உங்கள் கையில் இருக்கும் வேலை. ரிங்கிட் கணக்கை மட்டும் மதிப்பீடு என்று சொல்லி, எந்தெந்த எண்களை வைத்துப் போட்டது என்பதை ஒரே பத்தியில் காட்டிவிடுங்கள். அவர்கள் ஷிப்டைக் குறைத்தாலோ மின்விலை மாறினாலோ அதே பத்தியை வைத்து அவர்களே திருத்திக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் போவது

உங்கள் ஸ்லைடுகள் நிறுவன வரலாற்றில் தொடங்குகின்றன. நேரில் அது சரி, யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். எழுத்தில் அதைக் கடைசி அரைப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு அனுபவம் உண்டா என்ற கேள்வி, வேலை தேவை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களுக்கு எழும்.

எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படியுங்கள். உங்களுக்கு நான் போட்டுப் பார்த்த வரிசை இது:

உங்கள் கம்ப்ரஸரின் திறனில் கால் பங்கு கசிவுக்குப் போகிறது. அதை 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் ஆண்டுக்குச் சுமார் 22,000 ரிங்கிட் மிச்சமாகும். கசிவு ஒரே இடத்தில் இல்லை, சிறு சிறு இடங்களில் பரவியிருக்கிறது, அதனால் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக அல்ட்ராசவுண்ட் கருவியால் உற்பத்தி நடக்கும்போதே தேடி, ஒவ்வோர் இடத்திலும் எண்ணிட்ட அட்டை கட்டுவோம். அடைக்கும் வேலைக்கு மட்டும் காற்றை நிறுத்த வேண்டும், அதை ஞாயிற்றுக்கிழமையில் முடிப்போம். முடிந்ததும் அதே சோதனையை உங்கள் ஆட்கள் முன்னிலையில் செய்து காட்டுவோம். இவை எல்லாம் சேர்த்து 14,000 ரிங்கிட்.

இந்த வரிகளை மட்டும் படித்தாலே முழு வாதமும் கிடைக்க வேண்டும். எங்காவது "இது ஏன் இங்கே?" என்று தோன்றினால் அந்தப் பத்தி இடம் மாற வேண்டும், அல்லது போக வேண்டும். இந்தச் சோதனையில் உங்கள் ஆறாவது ஸ்லைடு விழுந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டத்தைக் காட்டி, "இப்போது கட்டாயம்" என்று போட்டிருக்கிறீர்கள். 2025 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருப்பது உண்மை. ஆனால் எரிசக்தி மேலாளரை நியமிக்கும் கடமை, தொடர்ந்து 12 மாதத்தில் 21,600 கிகாஜூலோ அதற்கு மேலோ பயன்படுத்துகிறவர்களுக்குத்தான். மின்சாரத்தை மட்டும் எண்ணினால் அது ஆண்டுக்கு 6 மில்லியன் யூனிட், மாதம் 5 லட்சம். பில்லைப் பாருங்கள். அந்த அளவு வந்தால் ஒரு பத்தி எழுதுங்கள், வராவிட்டால் எடுத்துவிடுங்கள். பொருந்தாத சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள் என்று தலைமையகம் நினைத்துவிட்டால், சரியாகச் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் காட்டிய ஸ்லைடுகளும் அப்படியே வர வேண்டாம். நேரில் அவை பேச்சைத் தொடங்கி வைக்கும். எழுத்தில் மூன்றை நீட்டினால் தேர்ந்தெடுக்கும் வேலையைப் படிக்கிறவர் தலையில் கட்டுகிறீர்கள், கோப்பு மேசையிலேயே கிடக்கும். இவர்களுக்கு எது ஏற்றது என்று நீங்களே சொல்லி, மலிவானதை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். தேடிக் கொடுத்து அடைக்காமல் போகும் பேக்கேஜ் என்றால் காரணம் எளிது: அட்டை கட்டிய இடங்களை அடைக்க ஆள் இல்லாமல் அப்படியே விட்டுவிடுவார்கள்.

விலையும் நிபந்தனைகளும்

விலை இரண்டு இடத்தில் வர வேண்டும். முதல் பக்கச் சுருக்கத்தில் ஒரே வாக்கியமாக, மிச்சமாகும் தொகையோடு சேர்த்து. நிதிப் பிரிவில் எப்படியும் முதலில் விலையைத்தான் தேடுவார்கள், ஒளித்து வைத்தால் பயன் சொல்லும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். பிறகு கடைசிப் பகுதியில் விவரமாக: எத்தனை இடம் வரை அடைப்பது, எந்தப் பொருள்கள் சேர்த்தி, எது சேராது. சிலிண்டருக்குள் இருக்கும் கசிவும் வால்வை முழுசாக மாற்றுவதும் சேராது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள். இதை விட்டுவிட்டால்தான் பிற்பாடு மனக்கசப்பு வரும். நீங்கள் சேவை வரிக்குப் பதிவு செய்தவரா, 14,000 வரியோடா வரியில்லாமலா என்பதையும் தெளிவாகப் போடுங்கள்.

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 2ஆவது பிரிவின்படி, நீங்கள் முன்வைத்ததை எதிர்த் தரப்பு ஏற்றுக்கொண்டால் அது வாக்குறுதியாகிவிடும். ஸ்லைடில் சொன்னதை "பேச்சுவாக்கில் சொன்னேன்" என்று எடுத்துக்கொள்வார்கள், கையெழுத்திட்டு அனுப்பிய தாளை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் "இந்த விலை இந்தத் தேதிவரை செல்லும்" என்று ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். குறிப்பிட்ட காலம் கடந்தால் முன்மொழிவு தானாகச் செல்லாமல் போகும் என்பது 6ஆவது பிரிவு. 30 நாள் போதும். பர்ச்சேஸ் ஆர்டர் கிடைத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்கும் என்றும் ஒரு வரி சேருங்கள். அவர்கள் தங்கள் ஒப்பந்தப் படிவத்தை அனுப்பினால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மொத்தம் 4 பக்கம், அதிகம் போனால் 5. படங்களில் ஒன்று போதும்: அவர்கள் ஆலையிலேயே எடுத்த ஒரு கசிவு இடத்தின் படம் இருந்தால் அது. முடித்ததும் அண்ணனிடம் கொடுத்து, "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். தாளை மூடிவைக்கச் சொல்லி மூன்றே கேள்வி கேளுங்கள்: இவர்களுக்கு என்ன பிரச்சினை, எவ்வளவு செலவு, எப்போது பணம் திரும்பும். எதற்கு அவர் தடுமாறுகிறாரோ அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.

தலைமையகத்துக்குப் போகும் முன் பராமரிப்பு மேலாளருக்கு வரைவாக அனுப்பி, ஓடும் மணி, லோடு விழுக்காடு, மின்விலை மூன்றையும் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். ஓர் எண்ணைத் திருத்திக் கொடுத்தாலும் நல்லதுதான். தலைமையகத்தில் அந்த எண்ணை யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்லப் போகிறவர் அவர்.